குடிக்காதவரின் சிவந்த முகம்

பேருந்து ஓட்டுநராக இருந்த என் அண்ணனுக்கு ஆறு வருஷமாகத் திடீர் திடீரென முகம் சிவந்து கொதிக்கும். வயிறும் அடிக்கடி போகும். குடித்திருக்கிறாரா என்று ஊதவைத்துப் பார்த்த கருவி பூஜ்யம் காட்டியும், "மூஞ்சியே சொல்லுதேய்யா!" என்று டிப்போ மேலாளர் அவரை வேலையைவிட்டு நீக்கினார். கருவியைவிடக் கண்ணை நம்பிய மேதை!

இன்று, உடம்பில் கட்டி இருந்தால் அதன் செல்களில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலில் ஒரு புள்ளி, கல்லீரல் முழுக்கப் பல புள்ளிகள்.

"மெதுவா வளர்ற புற்றுநோய்க் கட்டி. அது சுரக்கிற ஹார்மோன்தான் முகத்தைச் சிவக்க வெச்சிருக்கு," என்றார் மருத்துவர். "மாசாமாசம் ஊசி போட்டு அடக்கலாம். முழுசா எடுக்க முடியாது."

"நான் குடிக்கலைன்னு எழுதித் தருவீங்களா டாக்டர்?"

அண்ணி விம்மினாள். "அதை யார்கிட்டங்க காட்டப் போறீங்க?"

மேலாளர் போன வருஷமே ஓய்வுபெற்றுப் போய்விட்டார். ஆனாலும் அண்ணன் மருத்துவரிடம் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.