இரண்டு கட்டைவிரல்கள்

விசில் மாமாவுக்குப் பகலில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. சாயங்காலமானால் வாலிபால் நடுவர். வலையோர மேடையில் ஏறி அவர் விசில் ஊதினால் மைதானமே வாய் மூடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அவரிடம் யாருடைய பருப்பும் வேகாது. சொந்த அக்கா கணவரையே ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, அன்றே அவர் வீட்டில் போய் வயிறாரச் சாப்பிட்ட மனிதர் அவர்.

கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க விடாத அந்த மாமா, வயதான பிறகு அக்கா மகள் வீட்டில் வந்து தங்கினார். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. "இந்த வரியைப் படிங்க, இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா" என்று கேட்டுக் கேட்டே அவளுடைய நாள் போகும்.

மாமாவுக்கு மறதி தொடங்கியிருந்தது. கேட்டதையே கேட்டார், தெரிந்த தெருவில் நின்று யோசித்தார். ஆரம்பநிலைதான் என்றார் டாக்டர். தினமும் கொஞ்ச நேரம் அவரோடு விளையாடுங்கள் என்றாள் அங்கிருந்த நர்ஸ். அக்கா மகள் அன்றே புகைப்பட ஆல்பத்தைப் பிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

"இது யாரு மாமா? சரி, இது? சொல்லுங்க பாப்போம்."

மூன்றாவது படத்தில் மாமாவின் முகம் சுண்டிப்போனது. "எனக்குப் பரீட்சை வைக்கிறியா குட்டி?" என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளும் வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. மறதியைவிட அந்தச் சாத்திய கதவுதான் அவளைப் பயமுறுத்தியது. இப்படியே உள்ளுக்குள் போய்விடுவாரோ?

நர்ஸிடம் போய் அழுதாள். "கேள்வி கேட்டா அது விளையாட்டு இல்லம்மா" என்றாள் நர்ஸ். "படத்தை நீங்களே யாருன்னு சொல்லிட்டு, கதையை அவர் சொல்லட்டும். ஜோடி சேக்கற சீட்டுன்னா படம் தெரியற மாதிரி திறந்தே வைங்க, கொஞ்சமா வைங்க. தப்பைத் திருத்தாதீங்க. அவர் களைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. இதனால மறதி போயிடாது. ஆனா மனுஷர் உங்க கூட இருப்பார்."

அன்று கடையில் ஏதோ கொண்டாட்டம். மிச்சமிருந்த நீல பலூன் ஒன்றை எடுத்து வந்தாள். ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் நடுவே தாழ்வாக ஒரு கயிறு கட்டி, இரண்டு பக்கமும் நாற்காலி போட்டாள். சத்தம் கேட்டு மாமா கதவைத் திறந்து பார்த்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பலூனை மெதுவாகத் தட்டினாள்.

வெயில் பலூனுக்குள் புகுந்து நீலமாக வெளியே வந்தது. அவசரமே இல்லாமல் அது மிதந்து போனது. மாமாவின் கைகள் தாமாக உயர்ந்தன. விரல் நுனிகளால் அதை ஏந்தித் திருப்பி அனுப்பினார். அறை முழுக்க நீல நிழல் நீந்திக்கொண்டிருந்தது. நேரம் என்ற ஒன்று வீட்டை விட்டு வெளியே போய்விட்டதைப் போலிருந்தது.

"ஸ்கோர் எவ்வளவு?" என்றார் திடீரென்று. அவளும் எண்ணியிருக்கவில்லை. அவர் கண்ணில் பழைய கலக்கம் எட்டிப்பார்த்தது. ஒரு கணம்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரல்களையும் மேலே தூக்கிக் காட்டினார்.

"இது என்ன மாமா?"

"ரெண்டு பக்கமும் தப்பு. அந்தப் பாயிண்ட் யாருக்கும் கிடையாது. மறுபடி போடு" என்றார் நடுவர்.

அன்றிலிருந்து அந்த வீட்டின் சட்டம் அதுதான். சீட்டு ஜோடி சேரவில்லையா, கட்டைவிரல்கள். கதை பாதியில் நின்றுபோனதா, கட்டைவிரல்கள். குழம்பில் உப்புப் போட மறந்து அவளும் ஒருநாள் தூக்கினாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கதவு பிறகு சாத்தப்படவில்லை.

ஒரு மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது மாமா அப்போதுதான் பகல் தூக்கத்திலிருந்து விழித்திருந்தார். வாசலில் நின்றவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் அவள் இல்லை. 'நான் யாரு மாமா' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள்.

மாமா மெதுவாக இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கினார்.

அவள் வெளியே போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைத் தட்டி, மறுபடி உள்ளே வந்தாள்.

"மாமா, நான் உங்க அக்கா பொண்ணு. கண்ணாடிக் கடையிலேர்ந்து வரேன்."

"வா குட்டி, வா" என்றார் மாமா, பலூனைத் தேடியபடி. "சர்வீஸ் உன்னோடதுதான்."