பந்து நிற்க வேண்டிய இடம்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதுகிறவன் என்று பெயர் எடுத்தேன். அதனால் வந்த வினை இது. சங்கத்தில் நான் எழுதிய நோட்டீஸைப் படித்துவிட்டு, கூட்டம் எத்தனை மணிக்கு என்று என்னிடமே வந்து கேட்பார்கள். அப்படிப்பட்ட கைக்குத்தான் எங்கள் எஞ்சினியர் குளோரின் மெஷினை நம்பி ஒப்படைத்தார்.

நான் அப்போது ஃபிஜித் தீவில் பா என்ற ஊருக்கு மேலே மலையடிவாரத்தில் இருந்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஸ்டோர் கிளார்க். வீடு பக்கத்தில் வரதோலியில். அதுவரை பிளீச்சிங் பவுடரைத் தொட்டியில் கரைத்துத்தான் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் புதிதாகச் சிலிண்டரில் அடைத்த குளோரின் வாயுவும், அதை அளந்து விடும் மெஷினும் வந்தன. கூடவே ஒரு புத்தகமும் வந்தது. தலையணைக்கு ஆகும் கனம், படித்தாலும் தூக்கம்தான். எஞ்சினியர் அதை என் மேஜையில் வைத்து, ஆபரேட்டர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே பலகையில் எளிமையாக எழுது என்றார். எளிமைதானே, எனக்கு வேறு என்ன வரும் என்று ஒத்துக்கொண்டேன்.

படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. மெஷினை ஓட்ட ஆரம்பிக்கும்போது முதலில் தண்ணீரைத் திறக்க வேண்டும். தண்ணீர் ஒரு குறுகலான வாய் வழியாகப் பாய்ந்தால்தான் வாயுவை உறிஞ்சி இழுக்கும். அது இழுக்கிறதா என்று பார்த்த பிறகே சிலிண்டர் வால்வை மெல்ல, கால் திருப்பு திருப்ப வேண்டும். நிறுத்தும்போது எல்லாம் தலைகீழ். முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் வாயு முழுவதும் போனபின் தண்ணீரை மூட வேண்டும். இதை என் மனைவியிடம் விளக்கினேன். வரும்போது தண்ணீர் முன்னே, போகும்போது வாயு முன்னே என்றேன். கல்யாண வீட்டில் சம்பந்திகளை வரிசைப்படுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

பலகையில் மற்றதையும் சேர்த்தேன். அறைக்குள் போகும் முன் வெளியே இருக்கும் சுவிட்சைப் போட்டு ஃபேனை ஓடவிடு. சிலிண்டர் மாற்றத் தனியாகப் போகாதே. ஒவ்வொரு முறையும் புது ஈய வாஷர் போடு. மூட்டுப் பக்கம் அம்மோனியா பாட்டிலின் ஆவியைக் காட்டு. வெள்ளைப் புகை கிளம்பினால் கசிவு. கசிகிற இடத்தில் தண்ணீர் ஊற்றாதே. ஓட வேண்டி வந்தால் காற்று வரும் திசைக்கு, மேட்டுக்கு ஓடு. அந்த வாயு தரையோடு தவழும். இங்கிலீஷிலும், எங்கள் ஊர் இந்தியிலும் நானே எழுதினேன். ஃபிஜி பாஷையில் காலை ஷிப்டு ஆபரேட்டர் எழுதிக் கொடுத்தார். அவர் மெதடிஸ்ட் கோயிலில் பிரசங்கம் செய்கிறவர். அவர் எழுதியது மட்டும் என்னுடையதைவிட இரண்டு பங்கு நீளம். ஏன் என்று கேட்கவில்லை.

கடைசியில் அளவு வந்தது. மெஷினில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒரு சின்னப் பந்து. குமிழைத் திருகினால் பந்து ஏறும், இறங்கும். பந்தின் நடு எந்த எண்ணில் நிற்கிறதோ, மணிக்கு அத்தனை கிராம் வாயு போகிறது. எங்கள் பம்பு மணிக்கு இருநூறு கன மீட்டர் தண்ணீர் தள்ளும். ஒரு கன மீட்டருக்கு இரண்டு கிராம் வேண்டும் என்று எஞ்சினியர் கணக்குப் போட்டார். ஆக நானூறு. நானூறு என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எளிமை என் கண்ணை மறைத்தது. எண் எதற்கு, பார்த்தாலே தெரிய வேண்டாமா என்று மனைவியின் நகப்பாலிஷை எடுத்து, குழாயில் நானூறுக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு போட்டேன். பலகையில், ‘பந்தைக் கண்ணாடியில் உள்ள சிவப்பு அடையாளத்தில் நிறுத்து’ என்று எழுதினேன். அந்த வரியைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை.

மெஷின் ஓடத் தொடங்கும் நாளில் ஒரு சின்னப் பூஜை வைத்தோம். எஞ்சினியர் நம்மவர்தான். தமிழ் பேச வராது, ஆனால் நாடி ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் வருவார். அவருக்கும் ஆசைதான். தேங்காய் உடைத்தோம். கதவு, பம்பு, ஃபேன் எல்லாவற்றிலும் நான் குங்குமம் வைத்தேன். மெஷினுக்கு மட்டும் பெரியவர் வைக்கட்டும் என்று தட்டை அவரிடம் நீட்டினேன். அவர் கட்டை விரலில் குங்குமத்தைக் குழைத்து, கைக்கு எட்டிய இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். நான் சாம்பிராணிப் புகையில் கண் கலங்கி நின்றதால் எங்கே வைத்தார் என்று கவனிக்கவில்லை.

மாலையில் தொடங்கி விடியும்வரை போகும் மாலை ஷிப்டுக்கு ஆபரேட்டர் எங்கள் பாய். அவர் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் என்று இரண்டு வீட்டிலும் சொல்வார்கள். பாய் தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். பூஜையின்போது அவர் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மரியாதையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குழப்பம் அடுத்த வாரம் ஆரம்பித்தது. மாலை ஷிப்டில் எடுத்த தண்ணீரில், குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் மாத்திரையைப் போட்டால் ரோஸ் நிறம் வரவேயில்லை. வந்தாலும் வெளுத்துக் கிடந்தது. குளோரின் மிச்சம் இருந்தால்தான் நிறம் ஏறும். பாய் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, கலர் புடிக்க மாட்டேங்குது.”

“பந்து செவப்புல நிக்குதா பாய்?”

“நட்டநடுவுல நிக்குது. கண்ணுல ஒத்திக்கலாம், அப்படி நிக்குது.”

“அப்போ மாத்திரைதான் பழசு. புதுசு அனுப்புறேன்.”

அனுப்பினேன். மறுபடியும் போன், மறுபடியும் அதே பேச்சு, மறுபடியும் மாத்திரை. ஸ்டோரில் இருந்த டப்பா காலியானது. பின்னால்தான் எனக்குத் தெரிந்தது, காலையில் நம் பிரசங்கியார் வந்தால் பந்து கீழே இருக்கும். ராத்திரி தண்ணீர் குறைவாக ஓடியிருக்கும், அதனால் பாய் இறக்கியிருக்கிறார் என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் கோட்டுக்கு ஏற்றிவிடுவார். அவர் ஷிப்டில் நிறம் அழகாக வரும். மாலையில் பாய் மறுபடி இறக்குவார். இதில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் என் பலகையைப் படித்திருந்தார்கள்.

மழை பிடித்தது. ஆற்றுத் தண்ணீர் கலங்கி வந்தது. அழுக்கு கூடினால் குளோரினைத் தின்றுவிடும். சுகாதார இன்ஸ்பெக்டர் டவுனில் குழாய் குழாயாகத் தண்ணீர் பிடித்துப் பார்த்துவிட்டு, ராத்திரித் தண்ணீரில் குளோரின் சுத்தமாக இல்லை என்று எஞ்சினியரிடம் சத்தம் போட்டார். நியாயம்தான். அந்தத் தண்ணீரைத்தான் என் பிள்ளைகளும் குடித்தார்கள். நான் வீட்டுக்குப் போய், பானையைத் தூக்கி அடுப்பில் வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். எதற்கு இது என்று மனைவி கேட்டாள். தொண்டை கரகரக்கிறது என்றேன்.

எஞ்சினியருக்குச் சந்தேகமே இல்லை. கெடுவது பாய் ஷிப்டில் மட்டும்தான். ஆள் மெஷினைக் குறைத்து வைத்துவிட்டுத் தூங்குகிறான் என்று முடிவு கட்டினார். தொலைவில் ரக்கிரக்கி ஊர்ப் பக்கம் மீட்டர் படிக்கும் வேலைக்கு மாற்றல். அப்படியானால் நிலையத்தின் குவாட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். அடுத்த மாதம் பாய் மகளுக்கு நிக்காஹ், அந்த குவாட்டர்ஸ் வாசலில்தான். பந்தலுக்கு மூங்கில்கூட வெட்டி அடுக்கியாகிவிட்டது.

பாய் என்னிடம் வந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

“தம்பி, போர்டுல எழுதியிருக்கிற மாதிரிதானே செய்றேன். ஒருவாட்டி நீயே வந்து நின்னு பாரேன். நான் எங்கயாச்சும் பிசகினேன்னா நானே மூட்ட கட்டிக்கிறேன்.”

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மாத்திரையில் கோளாறு, சிலிண்டரில் கோளாறு, பாயில் கோளாறு என்று எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். என் பலகையை மட்டும் நினைக்கவில்லை. எஞ்சினியரைக் கெஞ்சி, மாற்றலுக்கு முன் ஒரே ஒரு தடவை நேரில் பார்க்கச் சம்மதிக்க வைத்தேன்.

அன்று மாலை பாய் எங்கள் முன்னால் மெஷினை முதலிலிருந்து ஓட்டிக் காட்டினார். ஃபேனைப் போட்டார். தண்ணீரைத் திறந்தார், இழுப்பு பார்த்தார். சிலிண்டர் வால்வைக் கால் திருப்பு திறந்தார். அம்மோனியா ஆவியை மூட்டு மூட்டாகக் காட்டினார், புகை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குமிழைத் திருகினார். பந்து எழுந்தது, இருநூறுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பாய் கையை எடுத்துவிட்டார்.

எஞ்சினியர் குனிந்து பார்த்தார். “ஈ கவுஞ்சி?” என்றார். என்ன இது என்று எங்கள் ஊர் இந்தியில் கேட்டார்.

நானும் குனிந்தேன். பந்துக்கு நேரே கண்ணாடியில் ஒரு பொட்டு. குங்குமம் காய்ந்து கெட்டியாகிப் பிடித்திருந்தது. அதற்கு ரொம்ப மேலே, என் மனைவியின் நகப்பாலிஷ் மெல்லியதாக ஒரு கோடு.

“பாய், கோடு மேல இருக்கே.”

“கோடு நீ போட்டது தம்பி. அதுக்கப்புறம் பெரிய சார் வந்து, எல்லாரும் பாக்க, தன் கையால இங்க வச்சாரு. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன். கிளார்க் சொன்னத கேக்குறதா, சார் வச்சத கேக்குறதா?”

“மத்த மெஷினுக்கும்தான் பொட்டு வச்சோம்.”

“அதெல்லாம் சாமிக்கு. இது பந்துக்குன்னு நெனச்சேன்.”

நான் இந்தியில் எஞ்சினியருக்கு எடுத்துச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார். பிறகு அவரே குமிழைத் திருகிப் பந்தை நானூறுக்கு ஏற்றினார். தொட்டியில் குளோரின் தண்ணீரோடு கலந்து நிற்க வேண்டிய நேரம் நிற்கட்டும் என்று வெளியே மேட்டில் உட்கார்ந்தோம். பிறகு பாய் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டார். அழகான ரோஸ் நிறம். மாற்றல் பேச்சை எஞ்சினியர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பாய் குவாட்டர்ஸுக்குப் போய் டீ குடித்தார், அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல், பொட்டை யார் அழிப்பது. நல்ல நாளில் வைத்த குங்குமத்தை அழிக்க எனக்குக் கை வரவில்லை. உங்கள் சாமி சமாசாரம், நான் தொடக்கூடாது என்றார் பாய். மறுநாள் காலையில் பிரசங்கியாரிடம் துணியைக் கொடுத்தேன். சார் வைத்ததைச் சார்தான் எடுக்க வேண்டும் என்று அவரும் கையைக் கட்டிக்கொண்டார். கடைசியில் எஞ்சினியர் வந்து கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார். துடைத்த கையோடு என்னைப் பார்த்து, பலகையில் எண் போடு என்றார். போட்டேன். ‘பந்தின் நடு நானூறில். பிறகு மாத்திரை போட்டுப் பார். நிறம் குறைந்தால் எஞ்சினியருக்குச் சொல், கிளார்க்குக்குச் சொல்லாதே.’ கடைசி வரியை யாரும் எழுதச் சொல்லவில்லை.

நிக்காஹ் குவாட்டர்ஸ் வாசலில் நல்லபடியாக நடந்தது. எஞ்சினியரும் வந்தார். பலாவ் சாப்பிட்டுவிட்டு அவர் தண்ணீர் கேட்டார். பாய் குழாயில் பிடித்து, தம்ளரைத் தானே கொண்டுவந்து நீட்டினார். சார் வாங்கிக்கொண்டு லேசாக மோந்து பார்த்தார். பாய் தமிழில், எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“குடிங்க சார். இது கோட்டுத் தண்ணி. பொட்டுத் தண்ணி எல்லாம் தீந்து போச்சு.”

சாருக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். தண்ணீர் நன்றாக இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.