வாஷிங் மெஷின் பிளக்கில் மட்டும் எர்த்

அந்தக் கட்டடத்தில் அவருக்கு 'டேப் மாமா' என்றுதான் பெயர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைப்பார்கள், இவர் கறுப்பு இன்சுலேஷன் டேப் வைப்பார். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, அடுத்த வீட்டுக் காலிங் பெல், எது படுத்தாலும் இவர் கை வைக்காமல் விடமாட்டார். பாதி பிழைக்கும், பாதி போய்ச் சேரும். ஆனால் மனுஷருக்குத் தங்கமான மனசு, யார் கூப்பிட்டாலும் சாப்பிட்ட கையோடு ஓடுவார்.

மனைவிக்கு மூட்டுவலி வந்து தினமும் மாடி ஏற முடியாமல் போனதால், இருவரும் கீழ்த்தளத்துக்குக் குடி வந்துவிட்டார்கள். இத்தனை காலம் வாழ்ந்த மேல் வீட்டை, தவழும் குழந்தையோடு இருக்கும் ஒரு நர்ஸம்மாவுக்கு வாடகைக்குப் பேசியாகிவிட்டது. மறுநாள் காலை சாமான் வருகிறது.

"ஒருதடவை வயரிங்கைத் தம்பி பாத்துடட்டுமே" என்றாள் மனைவி. அவள் தம்பி எலெக்ட்ரீஷியன்.

"நான் போட்ட வேலையில அவன் என்னத்தக் கண்டுபிடிச்சுடப் போறான்?" என்றார் டேப் மாமா, ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு மச்சானுக்கு முன்னால் மாடி ஏறினார்.

மச்சான் மெயின் போர்டைத் திறந்ததும் உச்சுக்கொட்டினான். "மாமா, ஹீட்டர் லைனுக்கு ஏன் இவ்ளோ பெரிய பிரேக்கர்?"

"சின்னது சும்மா சும்மா விழுந்துச்சு மாப்ளே."

"வயர் சூடாகுதுன்னு சொல்லத்தானே அது விழுது! நீங்க அது வாயை அடைச்சுட்டீங்க." மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு அந்த வயரை வெளியே இழுத்தான். உறை கருகி, விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் போர்டில் இல்லவே இல்லை.

மெயினைத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் மூன்று விளக்கு டெஸ்டரைச் செருகிப் பார்த்தான். கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பி எங்கும் இல்லை. பழைய கட்டடம், அந்தக் காலத்தில் இரண்டு கம்பிதான் இழுத்திருக்கிறார்கள். குளியலறை வாசலில் வாஷிங் மெஷின் பிளக்கில் மட்டும் எல்லாம் சரி என்று விளக்கு எரிந்தது.

"பாத்தியா!" டேப் மாமா மார்பை நிமிர்த்தினார். "உங்க அக்கா மெஷினைத் தொட்டா கை கூசுதுன்னா. ஒரே நாள்ல சரி பண்ணிட்டேன்."

மச்சான் சிரிக்கவில்லை. "வீடு முழுக்க இல்லாத எர்த் இதுல மட்டும் எங்கேருந்து வந்துச்சு மாமா?"

மறுபடி மெயினை அணைத்துப் பிளக்கைக் கழற்றினான். உள்ளே, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டு வயர், அழகாக டேப் சுற்றியிருந்தது.

"இது எர்த் இல்ல மாமா. டெஸ்டரையே ஏமாத்திட்டீங்க. இந்த நியூட்ரல் கம்பி கழண்டா, மெஷினோட உடம்பு முழுக்கக் கரண்ட்." சொல்லிக்கொண்டே நியூட்ரல் கம்பியை லேசாகத் தொட்டான். அது ஸ்க்ரூவை விட்டு அவன் கையோடு வந்தது. முனை கருகியிருந்தது.

டேப் மாமாவின் முகம் சுருங்கியது. இருந்தாலும் வீம்பு விடுமா? "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே. நாளைக்குச் சாமான் வருது, வாக்குக் குடுத்துட்டேன். இப்போதைக்கு முறுக்கி விடு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"கீழே மீட்டர் ரூம்ல எர்த் நல்லாத்தான் இருக்கு. அங்கேருந்து புதுசா மூணு கம்பி இழுக்கணும். ஒரு வாரம் ஆகும். முறுக்கி விட என் கை வராது மாமா."

அந்த நேரம் பார்த்து, படிக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மனைவியும் மேலே வந்து சேர்ந்தாள். பிளக் பிரிந்து கிடப்பதைப் பார்த்ததும் தம்பி மேல் பாய்ந்தாள்.

"அதை ஏன்டா பிரிச்சே? அது மாமா எனக்காகப் போட்டது. அதுக்கு முன்னாடி ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் மெஷின் கிட்டயே போவேன். அவர் சரி பண்ணின அன்னிக்குத் தூக்கிப் போட்டேன். அதுக்கப்புறம் ஈரக் காலோடதானே இத்தனை வருஷமும் துவைச்சேன்."

டேப் மாமா அவளுடைய கால்களைப் பார்த்தார். அவள் காலடியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

அவர் போனை எடுத்து நர்ஸம்மாவைக் கூப்பிட்டார். "அம்மா, நாளைக்கு வராதீங்க. வயரெல்லாம் மாத்தணும், ஒரு வாரம் ஆகும். தப்பு என்னுதுதான்." மறுமுனையில் அந்தப் பெண் பொரிந்து தள்ளுவது மூவருக்குமே கேட்டது. எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தார்.

"பாவம், ரொம்பக் கோச்சுக்கிட்டா போலிருக்கே" என்றாள் மனைவி.

டேப் மாமா அவள் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"கோச்சுக்கட்டும்டி. உயிரோட இருந்து கோச்சுக்கட்டும்."