குளிரில் வைத்த ஆறு கிழங்குகள்

உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கில் இருபத்தெட்டு வருடம் மேற்பார்வை பார்த்ததால் அவருக்கு 'உருளை' என்று பெயர். ஆள் என்னவோ முருங்கைக்காய் மாதிரி. கிடங்கின் கதவைத் திறந்து ஒருமுறை மூச்சை இழுத்தால் போதும், எந்த அடுக்கில் அழுகல் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தொழிலில் அவரை அசைக்க ஆள் கிடையாது. அந்தத் தொழில்தான் அவரைக் கவிழ்த்தது. கேட்டால் நம்பமாட்டீர்கள், ஆனால் நடந்தது அதுதான்.

அவர் மனைவிக்குக் கொல்லையில் ஒரு பாத்தி இருந்தது. அதில் சர்க்கரைவள்ளி. கடையிலோ நாற்றுப்பண்ணையிலோ வாங்கியதல்ல. மகள் பிறந்த வருடம், எங்கிருந்தோ விழுந்த விதையிலிருந்து சுவரோரம் தானாக முளைத்தது. தோல் வெளிர்மஞ்சள், வெட்டினால் உள்ளே மெல்லிய ஊதா வளையம். விதையில் வந்த செடி தாயைப்போல இருக்காது, தனி ஆளாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட கிழங்கு வேறு யாரிடமும் இல்லை. அதில் அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கொழுந்து இலைகளைப் பறித்து வதக்கி வைப்பாள். உருளை தட்டை நகர்த்திவிடுவார்.

"கிழங்குத் தழை விஷம்டி. ஆளைக் கொல்லப் பாக்குறியா?"

"உங்க கிழங்குத் தழைதான் விஷம். இது வேற ஜாதி. இத்தனை வருஷமா நான் திங்கிறேன், செத்தா போயிட்டேன்?"

"ரெண்டும் மண்ணுக்குள்ள விளையுது, ரெண்டும் கிழங்கு. ஒண்ணுக்கொண்ணு பங்காளியா இல்லாம எங்க போகும்?"

இருபது வருடமாக இதே சண்டை. யாரும் ஜெயிக்கவில்லை, யாருக்கும் ஜெயிக்கிற ஆசையும் இல்லை.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மூன்றே மாதம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கொடியைப் பாத்துக்கோங்க. பொண்ணு வந்தா அவ வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க. நான் சொல்லியிருக்கேன்."

கொடியை என்ன பார்ப்பது, கிழங்கைத்தான் அப்படிச் சொல்கிறாள், பாவம் மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேன், நீ தூங்கு" என்றார்.

அவள் போன பதினைந்தாம் நாள் பாத்தியில் இறங்கினார். துக்கத்தில் ஏனோதானோவென்று செய்தார் என்று நினைக்காதீர்கள். அத்தனையும் முறைப்படி செய்தார். தோண்டுவதற்குப் பத்து நாள் முன்னால் தழையை அறுத்தால் தோல் இறுகும். அறுத்தார். உருளைத் தழையை ஆடுமாடு தின்னக்கூடாது. ஆகவே கொடியை எல்லாம் குவித்து ஒரு இலை விடாமல் எரித்தார். பிறகு தோண்டினார். ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் அடுத்த பயிருக்கு நோய் வரும் என்று பாத்தியைச் சலித்தெடுத்தார். தேறியவற்றில் அடிபடாத ஆறு கிழங்குகளைத் தேர்ந்து, மண்ணைத் துடைத்து, சணல் பையில் போட்டு, கிடங்கில் விதைக்கிழங்கு அறையில் வைத்தார். மூன்று டிகிரி. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பையைத் தொட்டுவிட்டு வந்தார். உள்ளே அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்கிற மாதிரி ஒரு ஆறுதல்.

நாலு மாதம் கழித்து, நடவுக்கு ஏற்ற மழை விழுந்ததும் மகள் வந்தாள். உருளை பையைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் கவிழ்த்தார். வெளித்தோலில் அங்கங்கே குழி விழுந்திருந்தது. விதைக்கு வெட்டுவதுபோல ஒன்றைக் கையில் எடுத்து, முளை கிளம்பும் கண்ணைத் தேடினார். ஒரு கண்ணைக்கூடக் காணவில்லை. வெட்டினார். உள்ளே பழுப்பு. ஊதா வளையம் இருந்த இடம் கட்டைபோல இறுகியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது கையிலேயே நசுங்கியது. ஆறாவதை அவர் வெட்டவில்லை. மகள்தான் கத்தியை வாங்கி வெட்டினாள்.

"இரு இரு, வேலியில ஒண்ணு இருக்கு" என்று எழுந்து ஓடினார். உண்மையில் இருந்தது. பத்து நாளாக வேலியைச் சுற்றி ஒரு கொடி ஏறிக்கொண்டிருந்தது, இலை இதயம் மாதிரி. சலித்ததில் தப்பிய துண்டு என்று நம்பி, அதைச் சுற்றி அவர் செங்கல் அடுக்கியிருந்தார். இருவரும் ஒரு முழம் வெட்டிக்கொண்டு நாற்றுப்பண்ணைக்குப் போனார்கள்.

பண்ணைக்கார அம்மா இலையைத் திருப்பிப் பார்த்தாள். காம்பிலிருந்து கிளம்பிய நரம்புகள் வளைந்து நுனி வரை போயின.

"அண்ணே, இது அக்காவோடது இல்ல. இது நிஜ வள்ளிக்கிழங்கு. பக்கத்து வீட்டுல நட்டிருக்காங்க, வேலிக்கு அடியில வந்திருக்கும். பாருங்க, வேலியைச் சுத்திக்கிட்டு ஏறுது. அக்காவோட கொடி தரையில படரும்."

"எல்லாம் ஒரே குடும்பம்தானேம்மா?"

"இல்லண்ணே. இந்த வள்ளி, புல்லு, லில்லி போற வழி. விதையில ஒத்தை இலைதான் வரும். சர்க்கரைவள்ளி, காலைல ஊதாவாப் பூத்து வெயில் ஏறினா சுருங்குமே, அந்தக் கொடியோட குடும்பம். உங்க உருளைக்குக் கத்தரிக்காயும் தக்காளியும் மிளகாயும்தான் கூடப்பிறந்தது. உருளைக்கும் சர்க்கரைவள்ளிக்கும் ரொம்ப தூரத்துல எங்கயோ ஒரு ஒட்டு உறவு, அவ்வளவுதான்."

"அவ கிழங்கைக் குளிர்ல வெச்சிருந்தேன். நல்ல குளிர்ல."

அவள் முகம் மாறிவிட்டது. ஆனாலும் விளக்கிச் சொன்னாள். "உருளை, மண்ணுக்குள்ள பருத்த தண்டு. கண்ணு இருக்கும், குளிர் தாங்கும். இது வெறும் வேர்ண்ணே. குளிர்ல உள்ளுக்குள்ளயே செத்துடும். நாங்க வீட்டு மூலையிலதான் வெப்போம். அதுகூட வேண்டியதில்ல. கொடியில ஒரு அடி வெட்டி மண்ணுல குத்தினா போதும், பிழைச்சுக்கும். கொடி இருக்கில்ல?"

உருளை இல்லையென்று தலையசைத்தார். அந்த அம்மா வேறு ரகங்களைக் காட்டினாள், சிவப்பு, ஆரஞ்சு. மகள் கையைக் கூப்பி வேண்டாம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உருளை கொல்லையில் போய், சலித்துச் சலித்து மாவுபோல் ஆக்கிய பாத்தியின் முன்னால் நின்றார். ஓரத்தில் எரித்த இடம் இன்னும் கறுப்பாக இருந்தது.

"அம்மா என்கிட்ட போன்ல சொன்னாப்பா" என்றாள் மகள் மெதுவாக. "அப்பா ரெண்டு முழம் கொடி வெட்டித் தருவாரு, ஈரத்துணியில சுத்திக்கிட்டுப் போன்னு."

"என்கிட்டயும் கொடின்னுதான் சொன்னா." அவர் பாத்தியைப் பார்த்தபடியே சொன்னார். "காது நல்லாத்தான் கேட்டுச்சு. மயக்கத்துல உளர்றான்னு நினைச்சுட்டேன்."

மகள் அவர் தோளைப் பிடித்தாள். அவர் குனிந்து கறுப்பு மண்ணில் விரலைவிட்டுத் துழாவினார், ஒரு கணுவாவது வேகாமல் கிடக்காதா என்று. கிடக்காது. அரைகுறையாக எரிக்கிற ஆள் அல்ல அவர்.