குறட்டைக்கு நடுவே இருபத்தெட்டு நொடி

என் அப்பா ஸ்டான்லி கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். சட்டையின் மேல் பித்தானுக்கு அடங்காத கழுத்து. தினமும் மூன்று பிரஷர் மாத்திரை, அப்படியும் 170-க்கு 110. காலையில் எழுந்தால் மண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஸ்டாண்டில் கூட ஓட்டிய சின்னையனுக்கு பிரஷர் ஏறி வலது கை விழுந்ததிலிருந்து, அப்பா தன் வலது கையை அடிக்கடி மடக்கிப் பார்ப்பார்.

டாக்டருக்கு ஒரே பாட்டு: "மாத்திரைய ஒழுங்கா போடுறதில்ல நீ."

அம்மா செல்லம்மாவுக்கும் அதே சந்தேகம். "யோவ், வாயத் தொற. நாக்கத் தூக்கு."

குழம்பில் உப்பு போனது, கருவாடு போனது. அப்பா எல்லா மாத்திரையையும் விழுங்கினார். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

ஸ்டாண்டில் வரிசை வர நேரமாகும் மதியங்களில் அவர் ஆட்டோவின் பின் சீட்டில் மல்லாந்து தூங்குவார். 2007 மே மாதம் ஒரு நாள், ரிங்டோனாக வைத்து மானத்தை வாங்கலாமென்று, ஸ்டாண்டிலிருந்த தர்மராஜ் மாமாவின் போனில் அவர் குறட்டையைப் பதிவு செய்தேன். ஸ்டாண்டே கூடிக் கேட்டது.

"டேய், கல்லு ஒடைக்கிற மிஷினுடா!"

திடீரென்று சத்தம் நின்றது.

"இன்னா ஜெபா, போன் பூட்டுச்சா?" என்றார் மாமா.

போகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இருபத்தெட்டாவதில், முங்கிப்போனவன் தலை தூக்குவது போல அப்பா மூச்சை இழுத்தார். அடுத்த நிமிடம் மறுபடியும் அதேதான். வீட்டில் அந்த அமைதிக்கு நாங்கள் வைத்த பெயர் இன்டர்வல். அப்போதுதான் நாங்கள் நிம்மதியாகத் திரும்பிப் படுப்போம்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனை டாக்டரிடம் கொண்டுபோனேன். இரண்டு தரம் கேட்டார். "ஓட்டும்போது கண்ணு சொக்குதா?" அப்பா தரையைப் பார்த்தார்.

சென்னை ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்தார்கள். தூக்கத்தில் தொண்டை மூடி, மணிக்கு நாற்பத்திரண்டு தரம் மூச்சுத் தடை. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, உடம்பு பதறி பிரஷரை ஏற்றுகிறது. அதனால்தான் மாத்திரை தோற்றது. மூக்கில் காற்று ஊதி தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷினை ஒரு டிரஸ்ட் கொடுத்தது. தூக்கச் சொக்கல் போகும்வரை ஆட்டோவைத் தொடக்கூடாதென்றார்கள்.

முதல் வாரம் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். "யானை மாதிரி கீறன். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ மூச்சு வுடு, போதும்," என்றேன்.

அம்மா மாஸ்க் வாரை அவர் தலைக்கு அளவாகப் பிடித்துத் தைத்தாள்.

இரண்டு மாதத்தில் 148-க்கு 94. மாத்திரை இன்னும் மூன்றுதான். தலைவலி வாரத்தில் இரண்டு நாள். சொக்கல் முழுசாகப் போகாததால் ஆட்டோவை தர்மராஜ் மாமாதான் ஓட்டினார். அது எங்கள் தெருவைத் தாண்டும்போது வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பா உள்ளே போய்விடுவார்.