மூட்டத்தருகே ஒரு போர்வை

சித்திரை வெயிலில், கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் என் அப்பா கம்பளிப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். வாரக் கடைசிக்கு ஊருக்கு வந்த நான், மண்பாதையில் நடந்து வரும்போதே அதைப் பார்த்தேன். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி எரிக்கும் மூட்டம் அது. பத்தடி தூரத்திலேயே முகம் பொசுங்கும். அங்கே ஒரு மனிதர் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டிருக்கிறார்.

“வாத்தா. பஸ்ஸு கூட்டமா?” என்றார். குரல் கரகரத்து, ஒவ்வொரு வார்த்தையும் இழுத்துக்கொண்டு வந்தது.

மூட்டத்தில் அப்பாவின் கூட்டாளியான என் தாய்மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “ஒங்கப்பா இப்ப ஊட்டியில இருக்காக. ஏ மச்சான், ஸ்வெட்டரு ஒண்ணு வாங்கி வரவா?”

சிரிப்பில் பாதிதான் சிரிப்பு. அப்பா நகர்ந்ததும் மாமா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “போன மூட்டத்துல உக்காந்தபடி தூங்கிட்டாக. மண்ணு சரிஞ்சு காத்துப் பூந்து, பாதி சாம்பலாப் போச்சு. நான் எத்தனை நாளைக்குத்தான் தாங்குறது? அடுத்த மூட்டத்துக்கு வேற ஆளு பாக்கணும் தாயி.”

திருச்சுழிப் பக்கத்துக் கரிக்காட்டில் அப்பாவுக்கென்று ஒரு பெயர் உண்டு. விறகு கரியாகி முடிந்து, வெள்ளைப் புகை நீலமாக மாறும் நேரத்தை அவர் தூரத்தில் நின்றே சொல்வார். அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் காற்றுத் துளைகளை அடைப்பார்கள். அந்தப் பெயரை நம்பித்தான், பெண்பிள்ளை எதற்கு என்று கேட்டவர்கள் நடுவில், என்னைப் பள்ளிக்கும் பிறகு மதுரைக்கும் அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இன்று அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

இரண்டரை வருடம் முன்பு அப்பாவுக்கு நெஞ்சு தாறுமாறாக அடித்தது. மதுரையில் இதய டாக்டர் அமியோடரோன் மாத்திரை கொடுத்தார். துடிப்பு நேரானது. இரண்டு வருடம் கழித்து, போன ஐப்பசியில், இனி வேண்டாம் என்று அந்த டாக்டரே நிறுத்தினார். ஆனாலும் ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருந்தார். மாத்திரையைத்தான் நிறுத்தியாச்சே, இனி எதற்கு ரத்தம் என்று அப்பா போகவில்லை. எங்கள் ஊரில் யாருமே போயிருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு மெல்ல மெல்லத்தான் எல்லாம் வந்தது. மலச்சிக்கல், முகத்தில் வீக்கம், ஓயாத தூக்கம். கன்னமும் மூக்கும் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகியிருந்தன. கரி வேலை செய்கிறவர் முகம் கறுத்தால் யார் கவனிப்பார்கள்? அம்மா அவரை இன்னும் அழுத்தித் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

அன்று மாலை அம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். மிச்சமிருந்த அமியோடரோன்.

“நெஞ்சுதான் மறுபடி படுத்துது. அன்னைக்கு இதுதான காப்பாத்துச்சு? இன்னைக்கே ஒண்ணு குடுத்துருவோம்.”

அவள் கையிலிருந்து அட்டையை வாங்கிப் பையில் போட்டேன். “நாளைக்கு டவுனுக்குப் போறோம். டாக்டரம்மா பாக்காம ஒரு மாத்திரையும் கெடயாது.”

“படிச்ச புள்ள சொல்லுது. கேட்டுத்தான ஆகணும்” என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு எதிரே இருக்கும் டாக்டரம்மா, பேசுவதைவிடக் கேட்பது அதிகம். அப்பாவின் நாடியைப் பிடித்தார், இசிஜி எடுத்தார். துடிப்பு ஒழுங்காக, ஆனால் மிக நிதானமாக இருந்தது. முழங்காலில் தட்டினார். கால் எழும்பி, யோசித்து யோசித்துக் கீழே இறங்கியது.

“என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“ஒண்ணும் இல்லீங்கம்மா” என்றார் அப்பா. அது பொய் இல்லை.

நான் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

“இது எப்ப?”

“அது நிறுத்தி ஆறு மாசம் ஆச்சுங்க” என்றார் அப்பா.

“நீங்க நிறுத்திட்டீங்க. அது இன்னும் உங்க உடம்பை விட்டுப் போகலை” என்றார். “முதல்ல தைராய்டு பாத்துருவோம். உங்க பொண்ணே எடுக்கட்டும்.”

அப்பாவின் கையில் ஊசி குத்தியபோது, என் வேலையை முதன்முறையாகப் பக்கத்திலிருந்து அவர் பார்த்தார். “வலிக்கவே இல்லத்தா” என்றார் அடுத்த நாற்காலிக்காரரிடமும் சேர்த்து. கருவியில் டி.எஸ்.எச்., அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், மிக உயர்ந்து வந்தது. மறுபடி ஓட்டினேன், அதே கதை. தைராய்டு வேலை செய்யாததால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அதைத் தட்டி எழுப்பக் கத்திக்கொண்டே இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அந்த மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின்தான். தைராய்டுக்கு அயோடின் வேண்டும், ஆனால் துளியூண்டு போதும். ஒரு மாத்திரை உடம்புக்குள் உடைந்து வெளிவிடும் அயோடினே ஒரு நாள் தேவையைப் போலப் பல பத்து மடங்கு. வெள்ளமாக வந்தால் சுரப்பி பயந்து வேலையை நிறுத்தும். அது நின்றால் உடம்பின் சூடு குறைந்து குளிரும், தூக்கமும் மந்தமும் வரும். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச நாளில் மறுபடி ஓடத் தொடங்கும். சிலருக்கு அப்படியே நின்றுவிடும். வேறு சிலருக்கு நேர்மாறாகச் சுரப்பி வெறி பிடித்து ஓடும், நிறுத்திப் பல மாதம் கழித்துக்கூட.

“ஆறு மாசமா வயித்துக்குள்ளயா கெடக்கு?” என்று அப்பா கேட்டார்.

“வயித்துல இல்லை. கொழுப்புல, ஈரல்ல, தோல்ல எல்லாம் போய்த் தங்கிருச்சு. அங்கேயிருந்து கொஞ்சங் கொஞ்சமாத்தான் கசியும். பாதி குறையவே சுமாரா ரெண்டு மாசம் ஆகும், சிலருக்கு அதுக்கும் மேல. அப்புறம் மிச்சத்துல பாதி, அதுலயும் பாதி.”

அப்பா தலையை ஆட்டினார். “மூட்டம் மாதிரிங்கம்மா. தொளை எல்லாம் அடைச்சாச்சு, தீ அணைஞ்சிருச்சு. ஆனா உள்ள சூடு கெடக்கும். அவசரப்பட்டுத் தோண்டுனா பத்திக்கிரும்.”

டாக்டரம்மா சத்தமாகச் சிரித்தார். “அதேதான். இன்னிமே யாரு கேட்டாலும் இதையே சொல்லப்போறேன்.”

மதுரை டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, இதயத்தை மனதில் வைத்து, மிகக் குறைந்த அளவில் தைராய்டு மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில், டீக்கு முன்னால். அப்பாவுக்கு நோயைவிட அந்த டீதான் பெரிய கவலையாக இருந்தது.

வீட்டில் அயோடின் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா உப்புப் பாக்கெட்டைத் தூக்கித் தெருவில் போட்டாள். “அம்மா, உப்புல இருக்கது ஒடம்புக்கு வேணும். அது இதுக்குக் காரணமில்ல” என்று நான் எடுத்து வந்து வைத்தேன். மறுநாள் மறுபடி காணவில்லை. டாக்டரம்மாவே சொன்ன பிறகுதான் பாக்கெட் அடுப்படிக்குத் திரும்பியது.

மாமாவிடம் நானே போய்ப் பேசினேன். “சோம்பேறித்தனமில்ல மாமா. சீக்கு. சரியாகும், ஆனா உடனே ஆகாது.” அவர் வெகுநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். “அப்ப இந்த மூட்டத்துக்கு நானே முழிச்சுக்கிறேன். மச்சான் பொகைய மட்டும் பாத்துச் சொல்லட்டும்.” அந்த வார்த்தைக்காக அவர் இதுவரை செய்த கேலி எல்லாவற்றையும் நான் மன்னித்தேன்.

ரத்தம் எடுப்பதும், அளவு கூட்டுவதும், மறுபடி எடுப்பதுமாக மாதங்கள் போயின. ஒவ்வொரு முறையும் டி.எஸ்.எச். ஒரு படி இறங்கும். சுரப்பி தானாக விழித்துக்கொள்ளுமா, மாத்திரை ஆயுளுக்கும் வேண்டுமா என்பது இன்னும் தெரியாது. முகத்தின் நீலம் போக வருடங்கள் ஆகலாம். தோலில் தங்கிய மருந்து வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்பதால், வெயிலில் துண்டை முகத்தில் சுற்றிக்கொள்கிறார். “பொண்ணு பாக்க ஆளு வந்த மாதிரி வெக்கத்தப் பாரு” என்கிறார் மாமா.

புரட்டாசியில் நான் போனபோது மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. அப்பா எழுந்து நின்று புகையையே பார்த்தார். “மச்சான், நீலம் ஏறிருச்சு. அடைங்க” என்றார், பழைய குரலில். பிறகு சட்டையைக் கழற்றி உதறினார். முதுகெல்லாம் வேர்வை ஓடியது.

“யப்பா, என்னா வேக்காடு! மனுசன் இருப்பானா இங்க?”

சோறு கொண்டு வந்த அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் அவர் முதுகைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.