கையுறைப் படத்தின் கீழே இருந்த பெயர்

1. கும்மிடிப்பூண்டியில் உள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கேட்டலாக்குக்காக இணையத்திலிருந்து ஒரு புகைப்படம் எடுத்தேன். எடுத்தவரின் பெயரைப் போட்டால் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது அதன் உரிமம்.
2. படத்தின் கீழே அவர் பெயரையும் உரிமத்தின் இணைய முகவரியையும் சின்ன எழுத்தில் போட்டேன்.
3. அச்சுக்குப் போகும் முன் எங்கள் அச்சுக்கடை முதலாளி அந்த வரியை அழித்துவிட்டு, அதே இடத்தில் கடையின் பெயரையும் போன் நம்பரையும் போட்டார்.
4. கேட்டலாக் அச்சாகி வந்தது. அதே பக்கங்கள் தொழிற்சாலையின் இணையதளத்திலும் ஏறின.
5. புகைப்படக்காரர் பார்த்துவிட்டார்.

மூன்றாவதை முதலாளி திருட்டு என்று நினைத்துச் செய்யவில்லை. திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மொபைல் கடைக்கு மேலே இருந்தது எங்கள் அலுவலகம். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், பிராட்பேண்ட் வந்த பிறகு இணையதளம் என்று எல்லாம் செய்வோம். எந்த அச்சு வேலையிலும் கடைசி வரி அடித்துக் கொடுத்த கடையின் விளம்பரத்துக்கு. கீழே சின்ன எழுத்தைப் பார்த்ததும் அது தன்னுடைய இடம் என்று அவர் கை தானாகவே போய்விட்டது.

"எவனோ ஊர் பேர் தெரியாதவன் பேரு நம்ம கிளவுஸ் பாய் புக்குல இன்னாத்துக்குமா?" என்றார், நான் கேட்டபோது. "அவன் இன்னா மை போட்டானா, பேப்பர் போட்டானா?"

இதைச் சொன்ன நேரத்தில் அவருக்குப் பின்னால் ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ் பிரிண்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் முகத்தைச் சுற்றித் தாய்மாமன்கள், மாமன்களின் நண்பர்கள், நண்பர்களின் கிரிக்கெட் குழு. ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் கடை வாசலில் சண்டை வரும். அத்தனை பெயருக்கும் இடம் கண்டுபிடிப்பவருக்கு, படம் எடுத்தவனின் பெயருக்கு அரை அங்குலம் இல்லை.

கடையின் மற்றப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் யாரிடமோ வாங்கிய சிடிக்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. மேலே 'ராயல்டி ஃப்ரீ' என்று அச்சடித்திருக்கும். முதலாளி அதை இலவசம் என்று படித்தார். ஒருமுறை உரிமம் வாங்கினால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகக் கட்டணம் கிடையாது என்பதுதான் அதன் பொருள். அந்த ஒருமுறையை யாரும் வாங்கியிருக்கவில்லை. சிடிக்களே கள்ளப் பிரதிகள். சில படங்களில் குறுக்கே சொந்தக்காரரின் பெயர் முத்திரையாக இருக்கும். அதைப் பூசி மறைப்பதில் எங்கள் ஃப்ளெக்ஸ் ஆபரேட்டர் கெட்டிக்காரர். மறைத்து முடித்ததும், "மச்சம் எடுத்தாச்சு சார்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பாலிடெக்னிக்கில் படித்ததை வைத்து நான் இது தப்பு என்று சொன்னதால் என்னை "உரிமைக்குரல்" என்று கூப்பிட்டார்கள்.

புகைப்படக்காரரின் மின்னஞ்சல் மரியாதையாகத்தான் இருந்தது. பெயரை எடுத்ததால் அந்த உரிமம் எங்களைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. ஆனாலும் பெயரைத் திரும்பப் போட்டால் தனக்குப் போதும் என்று எழுதியிருந்தார். இணையதளத்தில் அதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

முதலாளி படித்தார். "உன்கிட்டதான் டிஜிட்டல் கேமரா கீது. நீ புடிச்ச போட்டோன்னு ஒரு மெயில் தட்டு. உன் பேரு போட்டு அனுப்பு. அவன் இன்னா, கும்மிடிப்பூண்டிக்கு வந்து பாக்கப் போறானா?"

"நான் எடுக்கல சார்."

"எடுத்தேன்னு சொன்னா பேஜாரா? பொம்பளப் புள்ள சொன்னா நம்புவான்மா."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன். என் பெயரில் ஒரு பொய் எழுத்தில் போகும். நாளை வழக்கு என்று வந்தால் பொய் சொன்னவள் நான், கடை அல்ல. முடியாது என்றேன். அவர் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸை மடிக்கப் போனார்.

முதல் அச்சு தீர்ந்து, தொழிற்சாலை மறுபதிப்பு கேட்டிருந்தது. அதன் ப்ரூஃபைக் காட்டப் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டி போனேன். தொழிற்சாலைக்காரர் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். எல்லோருக்கும் அவர் பாய்தான். நடந்ததைச் சொன்னேன். அவர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"இது என் கிளவுஸே இல்லியேம்மா. என் தையல் இப்டியா இருக்கும்? அடுத்தவன் சரக்கக் காட்டிக்கினு என் சரக்க விக்கிறதா? தூக்கு. புக்குலயும் தூக்கு, கம்ப்யூட்டர்லயும் தூக்கு. என்னுத போடு."

"போட்டோ எடுக்கலாமா பாய்?"

"கை வேணும்னா ஆள் இருக்காங்க. ஆனா கேட்டுட்டு எடு."

கேட்டேன். வெல்டிங் கையுறை தைக்கும் பெண் ஒருவர், "மூஞ்சி வராதுல்ல?" என்றார். வராது என்று சொல்லி, அவர் கை கேட்டலாக்கில் வரும் என்பதையும் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினேன். ஜன்னலோரம் வெள்ளைச் சார்ட் விரித்து, நிழல் விழும் பக்கம் இன்னொரு சார்ட்டை நிமிர்த்திப் பிடித்துப் படம் எடுத்தேன்.

அலுவலகத்தில் இலவச மென்பொருள் ஒன்றில் அந்தப் படங்களின் மேல் கோடு இழுத்து எளிய வரைபடங்கள் ஆக்கினேன். நான் எடுத்த படத்தின் மேல் வரைந்தால் அது நம்முடையது. அடுத்தவர் படத்தின் மேல் இழுத்தால் கோடாக மாறினாலும் அவருடையதிலிருந்து பிறந்ததுதான். ஒரு கை, ஒரு நெருப்பு. ஒரு கை, ஒரு சொட்டு அமிலம். ஒரு கை, ஒரு கத்தி. இரண்டே நிறங்கள். எந்த வேலைக்கு எந்தக் கையுறை என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். பாய்க்குப் பிடித்தது. முதலாளிக்கும் பிடித்தது, அவற்றின் கீழும் கடைப் பெயரைப் போட்டார்.

இணையதளத்தின் கடவுச்சொல் முதலாளியிடம் இருந்தது. படத்தைத் தூக்கிவிட்டதாகப் பாயிடம் போனில் சொன்னார். நான் திறந்து பார்த்தேன். தூக்கவில்லை. இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, கொஞ்சம் இருட்டாக்கியிருந்தார். பின்னால் இருந்த இயந்திரத்தின் எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி நின்றன.

"இப்போ அது வேற போட்டோ" என்றார். "முதல் பக்கத்துல உன் பொம்மப் படம் கெத்தா இருக்காதுமா."

அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்பியவற்றைப் பார்த்தேன். 'இந்தப் படத்தை நானே எடுத்தேன்' என்று என் பெயரில் ஒரு பதில் ஏற்கெனவே போயிருந்தது. என் பெயரின் எழுத்துகள்கூடச் சரியாக இல்லை. ஆபரேட்டர் தட்டியது. என்னைப் பார்த்ததும் அவர், "சார் சொன்னாரு, இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டு மிக்சர் தின்றுகொண்டிருந்தார். அந்த எண்ணெய்க் கையால் அடித்த கீபோர்டைத் தொட எனக்குக் கூசியது.

பையை எடுத்துக்கொண்டு இறங்கி, என் ஊரான செவ்வாப்பேட்டைக்கு ரயில் ஏறினேன். மறுநாள் ஊரில் உள்ள பிரவுசிங் சென்டரிலிருந்து, என் சொந்த மின்னஞ்சலில், புகைப்படக்காரருக்கு எழுதினேன்: அந்தப் பதிலை நான் எழுதவில்லை, படம் உங்களுடையது, உங்கள் பெயரை நான் போட்டேன், கடை அழித்தது. பாய்க்கும் போன் செய்து, படம் போகவில்லை, திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னேன்.

இப்போதைய நிலை இது. நான் அந்தக் கடையில் இல்லை. புகைப்படக்காரர் என்னை நம்புவதாகப் பதில் எழுதியிருக்கிறார். கேட்டலாக்கில் என் வரைபடங்கள் இருக்கின்றன; சம்பளத்துக்கு வேலையாக வரைந்தவை என்பதால் அவற்றின் உரிமை சட்டப்படி கடைக்கு. பாய் இரண்டு முறை கேட்டும், திருப்பிப் போட்ட படம் இணையதளத்தில் அப்படியே இருக்கிறது. அதன் கீழே இருப்பது கடையின் போன் நம்பர்.